ரெண்டு தலைப்பு போட்டுப் பார்த்தேன், எது ஜெயித்தது என்று தெரியவில்லை: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

காங்கயம் பக்கம் மரச்செக்கு எண்ணெய் ஆட்டும் ஒரு அண்ணனுக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கோவையைச் சுற்றி வீட்டுக்கே டெலிவரி, ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில். வாரத்துக்கு நாலாயிரம் ஐயாயிரத்துக்கு மேல் விளம்பரத்துக்கு ஒதுக்க முடியாது. அதற்குள் எந்த வாசகம் வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கீழே இருப்பதெல்லாம் அந்தக் கணக்கில் நான் தப்பு செய்து கற்றது, அதனால் உங்கள் அறிகுறி எதுவோ அங்கிருந்தே படிக்கத் தொடங்கலாம். பெயர் தெரிந்தால் வசதி என்பதற்காக, முதலில் ஓடிய இரண்டு வாசகங்கள்:

A: வாகை மரச்செக்கில் ஆட்டிய சுத்தமான கடலெண்ணெய்
B: கலப்படம் இல்லாத மரச்செக்குக் கடலெண்ணெய், நேராக உங்கள் வீட்டுக்கு

அறிகுறி: ரெண்டு விளம்பரம் போட்டேன், ஒன்றே மொத்தக் காசையும் தின்றுவிட்டது

ஒரே ஆட் செட்டுக்குள், அதாவது ஒரே பட்ஜெட்டையும் ஒரே ஆட்களையும் பங்கிடும் தொகுப்புக்குள், A, B இரண்டையும் வைத்திருப்பீர்கள். அங்கே மெட்டா பாதிப் பாதியாகப் பிரித்துக் காட்டுவதில்லை. முதல் சில மணி நேரத்தில் எது கொஞ்சம் முந்துகிறதோ அதன் பக்கமே காசைத் தள்ளும். காலையில் நாலு பேர் A-ஐ அழுத்தி, B-ஐ ஒருவர் அழுத்தினால் சாயங்காலம் A-க்குப் பணம் ஓடிக்கொண்டிருக்கும், B நூறு இருநூறு பேர் கண்ணில் பட்டதோடு நின்றிருக்கும். அதைப் பார்த்து "B தோற்றுவிட்டது" என்று எழுதி வைக்கிறோம். B ஓடவே இல்லை என்பதுதான் நடந்தது. அந்த ஏற்பாட்டின் வேலை உங்களுக்கு மலிவாக மெசேஜ் பிடித்துத் தருவது, அதை அது ஒழுங்காகவே செய்கிறது. இரண்டில் எது மேல் என்ற கேள்விக்குப் பதில் வாங்க வேறு வழி வேண்டும்.

வழி, ஆட்ஸ் மேனேஜரிலேயே இருக்கும் `A/B test`. A விளம்பரத்தைத் தேர்ந்தெடுத்து, அந்த `A/B test` பொத்தானை அழுத்தி, நகல் எடுத்து, நகலில் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றுங்கள். படம், ஊர், வயது, பொத்தான் எதையும் தொடாதீர்கள். இந்த முறையில் ஆட்களை இரண்டு கூட்டமாகப் பிரித்துவிடும், A பார்த்தவருக்கு B காட்டாது, பட்ஜெட்டும் சமமாகப் போகும். ஏழு நாளுக்குக் குறையாமல் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை வாங்குகிறவர் வேறு, புதன்கிழமை வாங்குகிறவர் வேறு.

ஒரு நாளைக்கு எவ்வளவு போடுவது? இதற்கு நான் ஒரு சின்னக் கணக்கு வைத்திருக்கிறேன். யாருக்குக் காட்டினால் பலன் வரும் என்று ஒரு ஆட் செட் கற்றுக்கொள்ளும் கட்டத்தைத் தாண்ட ஏழு நாளில் சுமார் 50 முறை நீங்கள் கேட்ட காரியம் நடக்க வேண்டும் என்கிறது மெட்டா. எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் உரையாடல் ஏறக்குறைய 40 ரூபாய்க்கு வந்துகொண்டிருந்தது. 50 × 40 = 2,000, அதை ஏழால் வகுத்தால் 286. அதனால் ஒரு வாசகத்துக்கு நாளைக்கு 300 ரூபாய். இரண்டுக்கும் ஏழு நாளும் சேர்த்து 4,200. 18 சதவீத ஜிஎஸ்டி 756 சேர்த்தால் 4,956. இந்த ஜிஎஸ்டியைக் கணக்கில் விட்டுவிட்டு ஆறாம் நாள் காசு தீர்ந்து நின்ற கதை எனக்கும் உண்டு.

இதே காரணத்தால்தான் ஆர்டரை இலக்காக வைக்காமல் உரையாடலை இலக்காக வைத்தோம். ஆர்டர் வாரத்துக்குப் பத்துப் பதினைந்துதான் வரும், அதை இலக்காக வைத்தால் `Learning limited` என்று போட்டு அங்கேயே நிற்கும். நாளைக்கு 300 முடியாது, 150-தான் என்றால் ஏழு நாளைப் பதினாலு நாளாக்குங்கள். இந்த வாரம் A, அடுத்த வாரம் B என்று மட்டும் ஓட்டாதீர்கள். ஒன்றாம் தேதி சம்பளம் வந்த வாரத்தையும் இருபத்தைந்தாம் தேதி வாரத்தையும் ஒப்பிட்டால் தெரிவது சம்பளம்தான், வாசகம் இல்லை.

அறிகுறி: மூன்றாம் நாள் ஜெயித்தது ஏழாம் நாள் தோற்றுவிட்டது

மூன்றாம் நாள் சாயங்காலம் அண்ணன் போன் அடித்தார். "தம்பி, ரெண்டாவது வேணாம், நிறுத்திடு. காசு கரையுது." அவர் சொன்னதில் தப்பு காண முடியாது. A-க்கு 27 உரையாடல், B-க்கு 17. இரண்டுக்கும் தலா 900 ரூபாய் போயிருக்கிறது, அதாவது A-இல் ஒன்று 33 ரூபாய், B-இல் 53. யாராக இருந்தாலும் நிறுத்தியிருப்பார்கள். ஏழு நாள் காசு ஏற்கெனவே தனியாக எடுத்து வைத்ததுதானே என்று சொல்லிச் சமாளித்தேன். ஏழாம் நாள் முடிவில் A 60, B 64.

இதில் B பின்னால் வந்து ஜெயித்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மூன்றாம் நாள் A முந்தியதும் சும்மா, ஏழாம் நாள் B முந்தியதும் சும்மா. ஒரு நாணயத்தைப் பத்துத் தடவை சுண்டினால் ஏழு தடவை தலை விழுவதுண்டு, அதற்காக நாணயத்தில் கோளாறு என்று யாரும் சொல்வதில்லை. அதை எனக்கு நானே நிரூபித்துக்கொள்ள, பிறகு ஒரு வாரம் ஒரே விளம்பரத்தை A-ஆகவும் B-ஆகவும் ஓட்டினேன், ஒரு எழுத்துகூட மாற்றாமல். வந்தது 52, 67. ஒன்று 40 ரூபாய், இன்னொன்று 31. இரண்டும் அச்சு அசல் ஒரே விளம்பரம்! ஒரு வாரக் காசு வீண்தான், ஆனால் அதற்குப் பிறகு ஒன்பது ரூபாய் வித்தியாசத்தைப் பார்த்து நான் துள்ளுவதில்லை.

அப்படியானால் எவ்வளவு வித்தியாசம் வந்தால் நம்பலாம்? இரண்டுக்கும் சமமான காசு போயிருந்தால் போனில் இருக்கும் கால்குலேட்டரே போதும்:

```
(A - B)² ÷ (A + B)
```

விடை 4-க்கு மேல் வந்தால், வெறும் அதிர்ஷ்டத்தால் இவ்வளவு இடைவெளி விழுவது இருபதில் ஒரு தடவைதான் நடக்கும், நம்பி மேலே போகலாம். 4-க்குக் கீழே என்றால் இன்னும் தெரியவில்லை என்று அர்த்தம். இரண்டும் சமம் என்று அர்த்தமில்லை, இதில் நிறைய பேர் வழுக்குகிறார்கள். எங்கள் எண்களைப் போட்டுப் பார்ப்போம். மூன்றாம் நாள்: வித்தியாசம் 10, வர்க்கம் 100, கூட்டல் 44, விடை 2.3. ஏழாம் நாள்: வித்தியாசம் 4, வர்க்கம் 16, கூட்டல் 124, விடை 0.13. ஒரே விளம்பரத்தை இரண்டாக ஓட்டியது: 225-ஐ 119-ஆல் வகுத்தால் 1.9. மூன்றும் நாலைத் தொடவில்லை.

இந்தக் கணக்கைத் தினமும் போட்டுப் பார்த்து, நாலைத் தாண்டிய நிமிடத்தில் நிறுத்துவதும் தப்பு. ஏழு நாளும் எட்டிப் பார்த்தால் ஏதோ ஒரு நாளில் தற்செயலாகத் தாண்ட ஏழு வாய்ப்பு கொடுத்தது போல ஆகிவிடும். முடியும் நாளை முதலிலேயே குறித்துவைத்து அன்று ஒரு தடவை போடுங்கள். நடுவில் கை ஊறினால் விளம்பரம் தப்பான எண்ணுக்குப் போகிறதா, படம் வெட்டுப்படுகிறதா என்று மட்டும் பாருங்கள். எழுத்துப் பிழை கண்ணில் பட்டாலும், பொருளை மாற்றாத பிழை என்றால் விட்டுவிடுங்கள். வாசகத்தைத் திருத்தினால் திரும்பவும் ரிவ்யூவுக்குப் போகும், கற்றுக்கொள்ளும் கட்டமும் முதலிலிருந்து தொடங்கும், பந்தயத்தில் ஒருவனை மட்டும் திரும்பிப் போய்க் கோட்டில் நில் என்று சொன்ன மாதிரி.

அறிகுறி: எத்தனை வாசகம் மாற்றினாலும் இரண்டும் ஒரே மாதிரிதான் வருகிறது

இதற்கு மூன்று காரணங்கள் எனக்குத் தெரிந்து உண்டு, முதல் இரண்டை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

முதலாவது, நீங்கள் மாற்றிய வரி யார் கண்ணிலும் படவில்லை. மெட்டாவில் `Headline` என்று ஒரு கட்டம் இருக்கிறது, தலைப்பு என்றதும் நாம் அதைத்தான் மாற்றுகிறோம். அது ஃபேஸ்புக் ஃபீடில் படத்துக்குக் கீழே பொத்தான் பக்கத்தில் சின்னதாக வரும், இன்ஸ்டாகிராம் ஃபீடில் பெரும்பாலும் வராது. ஆள் உண்மையில் படிப்பது `Primary text`-இன் முதல் வரியையும் படத்தின் மேல் எழுதியதையும்தான். முதல் வரி நீண்டால் மீதி `See more`-க்குள் போய்விடும். தமிழில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும், நம் சொற்கள் நீளம், ஒரே வரியில் "ஆட்டி எடுக்கப்பட்ட" என்று எழுதினால் பாதி இடம் போச்சு. பிரிவியூவை நம்பாமல், விளம்பரத்தை உங்கள் போனுக்கே அனுப்பிப் பாருங்கள். மாற்றிய சொல் `See more`-க்கு முன்பே தெரிகிறதா?

இரண்டாவது, வாசகங்களை இடம் மாற்றிக் காட்டும் வசதி இயங்கிக்கொண்டிருக்கும். ஒரே விளம்பரத்தில் பல வாசகம் கொடுத்து, ஆளுக்குத் தகுந்தாற்போல் எழுத்தை மாற்று என்ற தேர்வை விட்டுவைத்தால், தலைப்பாக எழுதியது மேலேயும் மேலே எழுதியது தலைப்பாகவும் வரலாம். விற்பனைக்கு அது நல்லதாகக்கூட இருக்கும், சோதனைக்கு ஆகாது. ஒரு விளம்பரம், ஒரு வாசகம், எழுத்து சம்பந்தமான தானியங்கி மாற்றங்கள் எல்லாம் அணைத்து வைக்க வேண்டும்.

மூன்றாவதுதான் உண்மையான நோய், எங்களுக்கும் அதுவே. A, B இரண்டையும் திரும்பப் படியுங்கள். "சுத்தமான" என்கிறது ஒன்று, "கலப்படம் இல்லாத" என்கிறது இன்னொன்று. ஒரே ஆள், சட்டை மட்டும் வேறு. எண்ணெய் வாங்க நினைக்கிறவரின் மனசில் ஓடுவது "எல்லோரும்தான் சுத்தம் என்கிறான், இவனை எப்படி நம்புவது" என்பது. அதற்கு இரண்டுமே பதில் சொல்லவில்லை, நம்பு என்று கொஞ்சம் சத்தமாகச் சொல்கின்றன, அவ்வளவுதான். (அண்ணன் முதலில் "100 சதவீதம் சுத்தம்" என்றே போடச் சொன்னார். உணவுப் பொருளில் அந்த "100%" வேண்டாம் என்று எஃப்எஸ்எஸ்ஏஐ 2025 மே மாதம் அறிவுறுத்தியிருக்கிறது, லேபிளுக்கும் விளம்பரத்துக்கும் சேர்த்து. அதனால் தப்பித்தேன்.)

சின்ன பட்ஜெட்டில் சின்ன வித்தியாசம் தெரியாது என்பது மேலே இருக்கும் கணக்கிலிருந்தே வருகிறது. ஒரு வாசகம் மற்றதைவிட 20 சதவீதம் மேல் என்று வைத்துக்கொள்வோம். அது ஐந்தில் நாலு தடவையாவது கணக்கில் பிடிபட, ஒரு பக்கம் 430, மறுபக்கம் 520 உரையாடல் அளவுக்கு வர வேண்டும். குறைவாக வரும் பக்கத்தில் ஒன்று நாற்பது ரூபாய், மறுபக்கத்துக்கும் அதே அளவு காசு என்று வைத்தால், இரண்டு பக்கமும் சேர்த்து 34,000-க்கு மேல். அந்தக் காசுக்கு அண்ணன் இன்னொரு செக்கு வாங்குவதைப் பற்றி யோசிப்பார். அதுவே 50 சதவீதம் மேல் என்றால் 80-க்கு 120 போதும், ஆறாயிரம் சொச்சத்தில் முடிந்துவிடும். ஆகவே சொல்லை மாற்றிப் பார்க்க நமக்கு வசதியில்லை, காரணத்தைத்தான் மாற்ற வேண்டும். வாட்ஸ்அப்பில் பழைய உரையாடல்களைத் திறந்து, விலை கேட்டுவிட்டு வாங்காமல் போனவர்கள் கடைசியாக என்ன கேட்டார்கள் என்று நாற்பது ஐம்பதைப் படித்தேன். "முதல்ல கொஞ்சமா கிடைக்குமா?" என்பது திரும்பத் திரும்ப இருந்தது. நாங்கள் அதுவரை ஒரு லிட்டருக்குக் கீழே தந்ததே இல்லை. அதிலிருந்து வந்தது C:

C: அரை லிட்டர் வாங்கி ஒரு தடவை தாளிச்சுப் பாருங்க, பிடிச்சா அடுத்தது

A-க்கும் C-க்கும் அதே ஏழு நாள், அதே 300. A 49, C 81. வித்தியாசம் 32, வர்க்கம் 1,024, கூட்டல் 130, விடை 7.9. இங்கே நம்பலாம்.

அறிகுறி: கிளிக் கொட்டுகிறது, ஆளைக் காணோம்

இது பெரும்பாலும் தப்பான நெடுவரிசையைப் படிப்பதால் வருவது. `Clicks (all)` என்பதில் லைக் போட்டது, பக்கத்தின் பெயரைத் தொட்டது, படத்தைப் பெரிதாக்கியது எல்லாம் அடக்கம். நீளமாக, புதிராக எழுதிய வாசகம் அதில் எப்போதும் அழகாகத் தெரியும். `Link clicks`-ஐப் பாருங்கள், அதைவிட உரையாடல் எண்ணிக்கையைப் பாருங்கள். உரையாடல் எண்ணிக்கையிலும் ஒரு சின்ன ஓட்டை உண்டு: ஏழு நாள் பேசாமல் இருந்த பழைய வாடிக்கையாளர் திரும்ப வந்தாலும் அது புதிதாகத் தொடங்கியதாகவே எண்ணப்படும். இரண்டு பக்கமும் சமமாக நடப்பதால் ஒப்பீடு கெடாது, ஆனால் "81 புது ஆள்" என்று அண்ணனிடம் சொல்லிவிடாதீர்கள்.

அறிகுறி: மெசேஜ் மலிவாக வருகிறது, ஆர்டர் ஏறவில்லை

மெட்டாவுக்கு உரையாடலோடு வேலை முடிந்தது, அதற்குப் பிறகு நடப்பதை நாம்தான் எண்ண வேண்டும். நான் செய்வது இது. வாட்ஸ்அப்புக்குப் போகும் விளம்பரத்தில், ஆள் அனுப்ப வேண்டிய முதல் மெசேஜை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். A-இல் "கடலெண்ணெய் விலை சொல்லுங்க." என்று ஒரு புள்ளியோடு, C-இல் அதே வரி, முடிவில் இரண்டு புள்ளி. பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது, நமக்குத் தெரியும். சிலர் அதை அழித்துவிட்டு "ஹாய்" என்று அனுப்புவார்கள், அவர்களை இரண்டு கணக்கிலும் சேர்க்காமல் விட்டுவிடுகிறேன். வாட்ஸ்அப் பிசினஸில் A, C என்று இரண்டு லேபிள், ஒரு நோட்டில் தேதி, லேபிள், லிட்டர். அண்ணனின் மனைவிதான் எழுதினார், என்னைவிட ஒழுங்காக.

முடிவு: A-இல் 11 ஆர்டர், 38 லிட்டர். C-இல் 13 ஆர்டர், 19 லிட்டர். "பார்த்தியா தம்பி, அரை லிட்டர் அரை லிட்டரா வாங்கறவனத்தான் இழுத்துட்டு வந்திருக்கு" என்றார் அண்ணன். எனக்கும் கொஞ்சம் ஆட்டம் கண்டது. பிறகு நோட்டை வரிவரியாகப் பார்த்தேன். A-இன் 38-இல் 15 லிட்டர் ஒரே டின், ஒரு பலகாரக் கடைக்காரர் வாங்கியது. அவரை எடுத்துவிட்டால் பத்து ஆர்டருக்கு 23 லிட்டர். 23-க்கும் 19-க்கும் இடையே பேசுவதற்கு ஒன்றுமில்லை. அந்தக் கடைக்காரர் C பார்த்திருந்தால் அங்கே வாங்கியிருப்பாரா என்பது யாருக்கும் தெரியாது, பத்துப் பன்னிரண்டு ஆர்டரில் ஒரு பெரிய கை எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் தராசு சாயும். அதனால் மொத்த லிட்டரை மட்டும் பார்க்காமல், பெரிய ஆர்டர் ஒன்றை மறைத்துவிட்டும் ஒரு தடவை பாருங்கள். முடிவு தலைகீழானால் அது முடிவே இல்லை.

ஆர்டர் எண்ணிக்கைக்கும் அதே வாய்ப்பாட்டைப் போடலாம்: 11, 13 என்றால் 4-ஐ 24-ஆல் வகுக்க 0.17. ஒன்றும் சொல்ல முடியாது. உரையாடலில் C தெளிவாக முன்னே, ஆர்டரில் தெரியவில்லை, இதுதான் நேர்மையான விடை. இங்கே செய்யக்கூடியது ஒன்றே: அதே A, C-ஐ இன்னொரு வாரம் அப்படியே ஓட்டி, இரண்டு வாரத்தையும் கூட்டுவது. ஓட்டினோம். இரண்டாம் வாரம் A 54, C 72. தனியாகப் பார்த்தால் 2.6-தான், ஆனால் கூட்டினால் 103-க்கு 153, விடை 9.8. ஆர்டர் இரண்டு வாரமும் சேர்த்து A-இல் 22, C-இல் 27. அது இன்னமும் தெரியவில்லைதான். ஆனால் எண்ணெய் விஷயத்தில் இன்னொன்று இருக்கிறது, அரை லிட்டர் ஒரு வீட்டில் இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். ஒன்றரை மாதம் கழித்து நோட்டைத் திறந்தால் C-இன் 27 பேரில் 10 பேர் திரும்ப வாங்கியிருந்தார்கள், பெரும்பாலும் இரண்டு லிட்டர். A-இன் 22-இல் 7 பேர். இதையும் வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். C குப்பை ஆட்களை இழுத்து வரவில்லை என்று சொல்ல இது போதும், அண்ணனுக்கு இருந்த பயம் அதுதான்.

அறிகுறி: ஜெயித்த வாசகம் அடுத்த மாதம் படுத்துவிட்டது

கொஞ்சம் விலை ஏறினால் பதறாதீர்கள். முதல் வாரம் C-இல் ஒரு உரையாடல் 26 ரூபாய், இரண்டாம் வாரம் 29. ஜெயித்த வாரத்தில் நல்ல வாசகத்தோடு கொஞ்சம் அதிர்ஷ்டமும் கலந்திருக்கும், அது அடுத்த வாரம் கழன்றுவிடும். இரண்டு வாரச் சராசரி 27 ரூபாய் 50 காசு என்றே அண்ணனிடம் சொல்லி வைத்தேன்.

35, 40 என்று ஏறிக்கொண்டே போனால் `Frequency`-ஐப் பாருங்கள். கோவையைச் சுற்றி 25 கிலோமீட்டர் என்று சின்ன வட்டம் போட்டிருந்தால் அதே ஆட்களுக்கு நாலாம் தடவை ஐந்தாம் தடவை காட்டிக்கொண்டிருக்கும். எங்களுக்கு அப்படி ஆனபோது வாசகத்தை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் மாற்றினோம், பாட்டிலுக்குப் பதில் தாளிக்கும் வாணலி. `Frequency` ஏறாமலே விலை ஏறினால் நாள்காட்டியைப் பாருங்கள். தீபாவளிக்கு முந்தின மூன்று வாரம் எல்லாக் கடையும் விளம்பரம் போடும், விலை எல்லோருக்கும் ஏறும், நம் எண்ணெயும் எந்த வாசகம் போட்டாலும் விற்கும். அந்த வாரங்களில் நான் சோதனை எதுவும் வைப்பதில்லை, C-ஐ அப்படியே ஓடவிட்டுவிட்டு ஆர்டருக்கு டின் கட்ட அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன்.